சாக்லேட் யுத்தம்: 5 சதவீதத்துக்காக முப்பது வருசம்

1973 முதல் 2003 வரைக்கும் ஐரோப்பாவுல ஒரு யுத்தம் நடந்தது. குண்டு, பீரங்கி எதுவும் கிடையாது. சண்டை ஒரே ஒரு கேள்விக்காக: சாக்லேட்டுல கோகோ வெண்ணெய் தவிர வேற தாவரக் கொழுப்பு 5 சதவீதம் இருந்தா, அதை சாக்லேட்னு கூப்பிடலாமா, கூடாதா? பத்திரிகைகள் இதுக்கு 'சாக்லேட் யுத்தம்'னே பேர் வெச்சாங்க. படிச்சப்போ சிரிப்புதான் வந்தது. ஆனா இதோட கதை தெரிஞ்ச பிறகு, கடையில ஒரு சாக்லேட் உறையைத் திருப்பிப் பார்க்கிற விதமே மாறிடுச்சு. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், காபியோட உக்காருங்க :-)

மொதல்ல இந்தக் கொழுப்பு சமாச்சாரம் எங்கேருந்து வந்ததுன்னு பார்த்துடலாம். கோகோ விதையை வறுத்து, தோலை நீக்கி அரைச்சா வர்ற கெட்டிக் குழம்புல பாதிக்கு மேல கொழுப்புதான். 1828ல ஆம்ஸ்டர்டாம் வான் ஹூட்டன் இதைப் பிழியறதுக்கு ஒரு பிரஸ் முறைக்கு காப்புரிமை வாங்கினார். பிழிஞ்சா ஒரு பக்கம் கோகோ வெண்ணெய், இன்னொரு பக்கம் புண்ணாக்கு மாதிரி ஒரு கட்டி. அந்தக் கட்டியைப் பொடிச்சாத்தான் நாம பால்ல கலந்து குடிக்கிற கோகோ பவுடர். அவர் நோக்கம், குடிக்கிறப்போ மேல எண்ணெய் மிதக்கக் கூடாதுங்கறது. வெண்ணெய் உபரியா மிஞ்சினது. 1847ல இங்கிலாந்துல பிரிஸ்டல் நகரத்து ஃப்ரை கம்பெனி அந்த உபரி வெண்ணெயை கோகோவோடவும் சர்க்கரையோடவும் சேர்த்து அச்சுல ஊத்தினாங்க. கடிச்சுத் தின்னற சாக்லேட் அப்படிப் பொறந்தது. அதாவது கட்டி சாக்லேட்டோட அஸ்திவாரமே அந்த மிஞ்சின கொழுப்புதான்.

கோகோ வெண்ணெய்க்கு ஒரு விசேஷ குணம் உண்டு. ரூம் டெம்பரேச்சர்ல கல்லு மாதிரி இருக்கும், ஒடிச்சா 'டக்'குனு சத்தம் வரும். ஆனா சுமார் 34 டிகிரியில, அதாவது நம்ம வாய்ச் சூட்டுக்குக் கொஞ்சம் கீழே, சட்டுனு உருகிடும். தேங்காயெண்ணெய், டால்டா, வெண்ணெய் எதுவும் இந்த மாதிரி இவ்வளவு குறுகின இடைவெளியில கல்லுலேருந்து திரவமா மாறாது. காரணம், அந்தக் கொழுப்பு மூலக்கூறுகள் பெரும்பாலும் ஒரே அமைப்புல இருக்கு. ரெண்டு ஓரத்துலயும் விறைப்பான கொழுப்பு அமிலம், நடுவுல ஒலியிக் அமிலம். எல்லாமே ஒரே அச்சுல வார்த்த செங்கல் மாதிரி இருக்கறதால நெருக்கமா அடுக்கிக்குது, உருகும்போதும் ஒண்ணா உருகுது.

இதுல சிக்கல், இந்த வெண்ணெய் விலை அதிகம். அழகு சாதனக் கம்பெனிக்காரங்களுக்கும் இது வேணும். அதனால கெமிஸ்ட்ரி தெரிஞ்சவங்க, இதே அமைப்புல இருக்கிற வேற கொழுப்புகளைத் தேட ஆரம்பிச்சாங்க. கிடைச்சதும் கொஞ்சம் இல்ல. மேற்கு ஆப்பிரிக்காவின் ஷியா விதை, போர்னியோ காட்டு இலிப்பே, பனை எண்ணெயிலேருந்து பிரிச்செடுத்த ஒரு பகுதி, நம்ம ஊர்ப்பக்கமே சால் மர விதை, கொங்கண் பக்கத்து கோகம், அப்புறம் மாங்கொட்டைப் பருப்பு. ஆமா, நாம தின்னுட்டுத் தூக்கிப் போடற அதே மாங்கொட்டை!

நடுவுல ஒரு சின்ன விஷயம். அந்த 'இலிப்பே'ங்கற பேரு நம்ம இலுப்பையிலேருந்து போனது. ஆனா ஐரோப்பியச் சட்டத்துல இருக்கிற இலிப்பே நம்ம கோயில் விளக்குக்கு எண்ணெய் கொடுத்த இலுப்பை மரம் இல்ல. போர்னியோவுல வளர்ற சால் மரத்தோட சொந்தக்கார மரம். பேரு மட்டும் தமிழ்நாட்டுலேருந்து கப்பல் ஏறிப் போய் வேற மரத்துல உக்காந்துகிச்சு.

சரி, யுத்தத்துக்கு வருவோம். 1973 ஜனவரி 1 அன்னிக்கு பிரிட்டன், அயர்லாந்து, டென்மார்க் மூணும் ஐரோப்பியப் பொதுச் சந்தையில சேர்ந்தாங்க. அதே வருசம் ஜூலையில சாக்லேட்டுக்கான பொதுச் சட்டம் வந்தது. பழைய உறுப்பு நாடுகள்ல கோகோ வெண்ணெய் தவிர வேற கொழுப்பு சேர்த்தா அது சாக்லேட்டே இல்ல. புதுசா சேர்ந்த மூணு நாட்டுலயும் 5% வரைக்கும் போடறது வழக்கம். யாரும் விட்டுக்கொடுக்கல. அதனால சட்டத்துல 'இதை அப்புறம் பார்த்துக்கலாம்'னு விட்டுட்டாங்க. (நம்ம ஆஃபீஸ்ல ரிலீஸுக்கு முந்தின நாள் ஒரு பக்கை 'அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணிக்கலாம்'னு தள்ளி விடுவோமே, அதே டெக்னிக். அந்த 'அடுத்த வெர்ஷன்' வர 27 வருசம் ஆச்சு.)

அதுக்குள்ள போர்ச்சுகல், ஆஸ்திரியா, ஸ்வீடன், பின்லாந்துன்னு இன்னும் நாலு நாடு 'போடலாம்' பக்கம் சேர்ந்துடுச்சு. மொத்தம் 15 நாட்டுல ஏழு இந்தப் பக்கம், எட்டு அந்தப் பக்கம். பெல்ஜியமும் பிரான்ஸும் விடாப்பிடியா நின்னாங்க. பிரிட்டன் சாக்லேட்டுக்கு வேற பேரு வைக்கணும்னு கூட பேச்சு கிளம்பி, 'வெஜிலேட்'னு ஒரு பேரு அடிபட்டது. பிரிட்டிஷ்காரங்களுக்கு அது பெரிய மானப் பிரச்சினை ஆயிடுச்சு. தாத்தா காலத்துலேருந்து சாப்பிடற பண்டத்தைப் பார்த்து 'இது சாக்லேட் இல்ல'ன்னு ஒரு பெல்ஜியக்காரன் சொன்னா சும்மா இருப்பாங்களா?

இதுல யார் வயித்துல அடிக்குதுங்கறது தனிக் கதை. கோகோ பயிரிடற ஐவரி கோஸ்ட், கானா மாதிரி நாடுகளுக்கு இந்த 5% அனுமதி கசப்பு. ஆனா ஷியா விதை பொறுக்கி விக்கிற புர்கினா ஃபாசோ மாதிரி பக்கத்து நாட்டு கிராமப் பெண்களுக்கு அது வருமானம். அதனால 'ஏழை விவசாயிக்காகப் பேசறோம்'னு ரெண்டு பக்கமும் சொல்லிக்க வசதியா இருந்தது.

கடைசியா 2000 ஜூன்ல புதுச் சட்டம் வந்தது. சுருக்கமா சொல்றேன். மேல சொன்ன ஆறு கொழுப்பு மட்டும்தான் சேர்க்கலாம். மொத்தப் பண்டத்துல 5 சதவீதத்துக்கு மேல போகக்கூடாது. கோகோவுக்கும் கோகோ வெண்ணெய்க்கும் இருக்கிற குறைந்தபட்ச அளவை இதைக் காட்டிக் குறைக்கக்கூடாது. உறையில 'கோகோ வெண்ணெயோடு கூடுதலாகத் தாவரக் கொழுப்பு உள்ளது'ன்னு தடிச்ச எழுத்துல, பொருள் பட்டியலைப் பார்க்கும்போதே கண்ணுல படற மாதிரி போடணும்.

'வெறும் 5 சதவீதம்தானே, இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?'னு தோணும். ஒரு சின்னக் கணக்கு போடுங்க. 100 கிராம் பால் சாக்லேட்டுல மொத்தக் கொழுப்பு 30 கிராம்னு வெச்சுக்கலாம். அதுல பால் கொழுப்பு ஒரு 6 கிராம் போனா மிச்சம் 24. அந்த 24ல 5 கிராம் வேற கொழுப்புன்னா, அஞ்சுல ஒரு பங்கு கோகோ வெண்ணெயை வெளியே எடுத்தாச்சு. வருசத்துக்கு ஆயிரக்கணக்கான டன் தயாரிக்கிறவனுக்கு இது எவ்வளவு காசுன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. 5%ங்கறது மொத்தப் பண்டத்துல, கொழுப்புல இல்ல. அங்கதான் சூட்சுமம்.

சட்டம் வந்தும் ஸ்பெயினும் இத்தாலியும் அடங்கல. 'எங்க நாட்டுல விக்கணுமா? தாராளமா வில்லு. ஆனா சாக்லேட்னு போடாதே, சாக்லேட் மாற்றுப் பொருள்னு போடு'ன்னு சொல்லிட்டாங்க. மேட்டர் ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனது. 2003 ஜனவரி 16ல தீர்ப்பு: 5% கொழுப்பு சேர்க்கிறதால பண்டத்தோட தன்மை அடிப்படையில மாறிடலை, 'மாற்று'ன்னு போட்டா வாங்கறவன் மட்டமா நினைப்பான், லேபிள்ல தகவல் இருந்தா அதுவே போதும். இத்தாலி அப்பவும் விடாம, கோகோ வெண்ணெய் மட்டும் உள்ளதுக்கு 'சுத்த சாக்லேட்'னு தனிப் பேரு கொடுத்துப் பார்த்தாங்க. 2010 நவம்பர்ல அதையும் நீதிமன்றம் தள்ளிடுச்சு.

என்னைக் கேட்டா இந்தத் தீர்ப்புதான் நமக்கு முக்கியம். அதுவரைக்கும் 'எது சாக்லேட்'னு பார்த்துச் சொல்ற வேலை அரசாங்கத்தோடது. தீர்ப்புக்குப் பிறகு அந்த வேலை வாங்கறவன் தலையில வந்து விழுந்தது. முன்பக்கத்துப் பேரு ரெண்டுக்கும் ஒண்ணு, வித்தியாசம் பின்பக்கத்துப் பொடி எழுத்துல. இந்திய விதிகளும் இப்போ இதே பாதைதான்: 5% வரை அனுமதி, லேபிள்ல சொல்லணும்.

நாக்கால கண்டுபிடிச்சுடலாமேன்னு கேட்டா, முடியாது. ஷியா, சால் வகையறா கொழுப்பெல்லாம் தேடிப் பிடிச்சதே கோகோ வெண்ணெய் மாதிரி நடந்துக்கத்தானே? அதே சூட்டுல உருகும். லேப்ல கூட காஸ் குரோமடோகிராஃப்ல கொழுப்பு மூலக்கூறுகளோட விகிதத்தைப் பார்த்துத்தான் பிடிக்கணும். ஆனா நம்ம ஊர்க் கடையில இன்னொரு ஜாதி இருக்கு. அதை நாக்கால பிடிச்சுடலாம். பேக்கரிக்காரங்க 'காம்பவுண்ட்'னு சொல்றது. இதுல கோகோ வெண்ணெயே இருக்காது. ஹைட்ரஜன் ஏத்தின பனங்கொட்டை எண்ணெய், அதாவது பனம்பழச் சதையிலேருந்து வர்ற பாமாயில் இல்ல, உள்ளே இருக்கிற பருப்போட எண்ணெய், அதுல கோகோ பவுடரும் சர்க்கரையும் கலந்திருப்பாங்க. இந்த எண்ணெயும் கோகோ வெண்ணெயும் பரம எதிரிகள். ரெண்டையும் கலந்தா சாக்லேட் கொழகொழன்னு ஆகும், கொஞ்ச நாள்ல மேலே வெள்ளைப் பூஞ்சை மாதிரி பூத்துடும். அதனாலதான் இதுல கோகோ மாஸ் போடாம, கொழுப்பு பிழிஞ்ச கோகோ பவுடர் போடறாங்க. உறையில 'கோகோ பவுடர்' மட்டும் இருந்து, 'கோகோ பட்டர்', 'கோகோ மாஸ்' ரெண்டும் காணோம்னா ஆள் யாருன்னு புரிஞ்சுடும். வாயில போட்டா மெழுகு மாதிரி அண்ணத்துல ஒட்டும். முன்பக்கம் 'சாக்லேட்'ங்கற முழு வார்த்தை பெரும்பாலும் இருக்காது. 'சோகோ', 'சாக்லேட்டி'ன்னு நைசா வளைச்சிருப்பாங்க.

இந்த வார்த்தை விளையாட்டு பழங்கதையும் இல்ல. 2024 கடைசியில கோகோ விலை டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டினது. அடுத்த வருசமே, 2025ல, பிரிட்டன்ல பல தலைமுறையா சாப்பிட்டுட்டு இருந்த பெங்குவின், கிளப் பிஸ்கட்டுகள்ல கோகோவைக் குறைச்சு வேற கொழுப்பை ஏத்த, அதுங்க மேல 'சாக்லேட்'னு போடற தகுதியே போச்சு. இப்போ 'சாக்லேட் ஃப்ளேவர்'தான். 5% அனுமதிக்காக முப்பது வருசம் சண்டை போட்ட நாடாச்சே!

ஜனங்க பொருள் பட்டியலைப் படிச்சா என்ன ஆகும்ங்கறதுக்கு நியூசிலாந்து ஒரு உதாரணம். 2009ல அங்கே கேட்பரி தன் டெய்ரி மில்க்ல கோகோ வெண்ணெயில ஒரு பகுதியை எடுத்துட்டு பாமாயில் சேர்த்தது. பட்டியல்ல முறைப்படி போட்டும் இருந்தது. ஜனங்க கவனிச்சுட்டாங்க. பாமாயிலுக்காகக் காடு அழியுதுன்னு ஒராங்குட்டான் பிரச்சினையும் சேர்ந்துக்கிச்சு. ஆக்லாந்து மிருகக்காட்சி சாலை இனிமே அந்தச் சாக்லேட்டை விக்க மாட்டோம்னு எடுத்துடுச்சு. அந்த ஆகஸ்ட்லயே கம்பெனி மன்னிப்புக் கேட்டு, பழைய கோகோ வெண்ணெய்க்கே திரும்பறோம்னு அறிவிச்சது.

சரி, கோகோ சதவீதம்? டார்க் சாக்லேட்ல பெரிசா 70%னு போட்டிருக்கே, அது போதாதா? அந்த 70ல கோகோவோட கருப்புப் பொருளும் சேர்த்தி, கோகோ வெண்ணெயும் சேர்த்தி. மிச்சம் 30 ஏறக்குறைய சர்க்கரை. கசப்பு, நிறம், மணம் பெரும்பாலும் கருப்புப் பொருள்லதான். வெண்ணெய்க்கு அவ்வளவு ருசி கிடையாது. பின்னாடி இருக்கிற சத்து அட்டவணையில மொத்தக் கொழுப்பைப் பாருங்க. ஒரு 70% பார்ல கொழுப்பு 42 கிராம்னா, 70லேருந்து 42 போக 28 கிராம்தான் கருப்புப் பொருள். இன்னொரு 70% பார்ல கொழுப்பு 36னா, கருப்புப் பொருள் 34. ரெண்டாவது கணிசமா கசக்கும், மொதலாவது வழுவழுன்னு இறங்கும். முன்னாடி நம்பர் ரெண்டுலயும் ஒண்ணுதான். (பால், முந்திரி இல்லாத சாக்லேட்டுக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு. பால் வந்தா அதோட கொழுப்பும் உள்ளே நுழைஞ்சு கணக்கைக் கெடுத்துடும்.)

ஐஸ்க்ரீம் கதையும் பிரிட்டன்லதான் திசை மாறினது. இரண்டாம் உலகப் போர்ல பாலுக்கும் சர்க்கரைக்கும் பஞ்சம். 1942ல ஐஸ்க்ரீம் தயாரிப்பையே தடை பண்ணிட்டாங்க. போர் முடிஞ்சும் ரேஷன் 1954 வரைக்கும் இழுத்தது. க்ரீம் கிடைக்காத அந்தக் காலத்துல தாவரக் கொழுப்பை வெச்சு ஐஸ்க்ரீம் பண்ணிப் பழகிட்டாங்க. பெரிய தயாரிப்பாளர்கள்ல ஒண்ணான வால்ஸ், அப்போ யுனிலீவர் குடும்பம். அந்தக் குடும்பத்தோட பாதி வம்சமே மார்ஜரின் கம்பெனிங்க. தாவரக் கொழுப்புக்கு அவங்க வீட்டுல என்ன பஞ்சம்? போருக்குப் பிறகு வந்த பிரிட்டிஷ் விதியும் 'குறைந்தது 5% கொழுப்பு'ன்னுதான் கேட்டது, எந்தக் கொழுப்புன்னு கேக்கல. பால் கொழுப்பு வேணும்னா 'டைரி ஐஸ்க்ரீம்'னு தேடி வாங்கணும்.

இந்தியாவுல நேர் எதிர். இங்கே ஐஸ்க்ரீம்னா பால் கொழுப்புதான், சாதா வகையில குறைந்தது 10%. தாவர எண்ணெய் சேர்ந்தா பேரே மாறிடும்: 'ஃப்ரோசன் டெசர்ட்'. அதாவது ஸ்பெயினும் இத்தாலியும் சாக்லேட்டுக்குக் கேட்டுத் தோத்த அதே ஏற்பாடு, நம்ம ஊர்ல ஐஸ்க்ரீமுக்குச் சட்டமாவே இருக்கு! ஆனா ஃப்ரீசர் கண்ணாடிக்குப் பின்னாடி ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல, ஒரே மாதிரி டப்பாவுல. எத்தனை பேர் அந்தச் சின்ன எழுத்தைப் பார்க்கறோம்?

2017ல இது வெடிச்சது. 'எங்களது அசல் பால், ஃப்ரோசன் டெசர்ட்ல வனஸ்பதி'ங்கற ரீதியில அமுல் டிவி விளம்பரம் போட்டது. அப்போ குவாலிட்டி வால்ஸை வெச்சிருந்த இந்துஸ்தான் யுனிலீவர், 'நாங்க சேர்க்கிறது தாவர எண்ணெய், வனஸ்பதி இல்ல, எங்க பேரைக் கெடுக்கறாங்க'ன்னு பம்பாய் ஹைகோர்ட் போச்சு. ஜூன்ல விளம்பரத்துக்குத் தடை, 2018 டிசம்பர்ல அப்பீல்லயும் அமுலுக்குத் தோல்வி. என் அபிப்ராயத்துல கோர்ட் சொன்னது சரிதான். வனஸ்பதிங்கறது ஹைட்ரஜன் ஏத்தினது, தாவர எண்ணெய் எல்லாமே அது ஆகிடாது. ஆனா கேஸால ஒரு நல்லதும் நடந்தது. ஃப்ரோசன் டெசர்ட்னு ஒண்ணு இருக்குன்னே அதுக்கப்புறம்தான் பல பேருக்குத் தெரிய வந்தது.

ஐஸ்க்ரீம்ல இன்னொரு 'பொருள்' இருக்கு, பட்டியல்ல வரவே வராது: காத்து. கலவையைக் குளிரவெச்சு அடிக்கும்போது காத்து உள்ளே போகும். போகாட்டி அது ஐஸ்கட்டிதான், ஸ்பூன் இறங்காது. ஆனா எவ்வளவுங்கறது கேள்வி. நம்ம விதிப்படி சாதா ஐஸ்க்ரீம் ஒரு லிட்டர் குறைந்தது 525 கிராம் எடை இருக்கணும். டப்பாவுல மில்லியும் கிராமும் ரெண்டும் போட்டிருந்தா வகுத்துப் பாருங்க. 700 மில்லி டப்பா 380 கிராம்னா, 380ஐ 0.7ஆல வகுத்தா லிட்டருக்கு 543 கிராம். காத்து ஏறாத கலவை லிட்டருக்கு 1,100 கிராம் பக்கம் வரும். அப்போ அந்த டப்பாவுல பாதி காத்து! சட்டப்படி இது சரியான ஐஸ்க்ரீம்தான். அதே 700 மில்லி 500 கிராம் இருந்தா லிட்டருக்கு 714. விலை கொஞ்சம் அதிகமா இருந்தாலும் கிராம் கணக்குல அதுவே மலிவா இருக்க வாய்ப்பு உண்டு. கடையில கையில தூக்கிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

கடைசியா அந்த சாக்கோபார். குச்சியில நிக்குமே, வெளியே கருப்பு, உள்ளே வெள்ளை. இதுல சாக்லேட்டும் ஐஸ்க்ரீமும் ஒண்ணா வர்றதால ரெண்டு பட்டியலா பிரிச்சுப் படிக்கணும். வெளிப்பூச்சுல தேங்காயெண்ணெய் இருந்தா உடனே முகம் சுளிக்காதீங்க. கோகோ வெண்ணெய் ஃப்ரீசர் குளிர்ல ரொம்ப விறைச்சுப் போய், கடிச்சதும் சில்லு சில்லா சட்டையில விழும். வாயில சீக்கிரம் உருகவும் உருகாது. தேங்காயெண்ணெய் அந்தக் குளிருக்கு ஒத்துப்போகும். முக்கினதும் சட்டுனு உறையும், கடிச்சா பதமா உடையும். இவ்வளவு சண்டை போட்ட ஐரோப்பியச் சட்டமே ஆறு கொழுப்புக்கு வெளியே தேங்காயெண்ணெய்க்கு ஐஸ்க்ரீம் பூச்சுல மட்டும் தனி விலக்கு கொடுத்திருக்கு. அதனால பூச்சுல எண்ணெய் இருக்கிறதை விட்டுடுங்க. உள்ளே இருக்கிற வெள்ளை, பால் கொழுப்பா, பாமாயிலான்னு மட்டும் பாருங்க. உறையில 'ஃப்ரோசன் டெசர்ட்'னு இருந்தா, எந்தக் கொழுப்புன்னு பக்கத்துலயே எழுதியிருக்கும்.

(பி.கு: பின்னூட்டத்துல யாராவது 'அப்போ மாங்கொட்டையைச் சேர்த்து வெச்சா காசாகுமா?'ன்னு கேக்கப் போறீங்க, தெரியும். பருப்புல கொழுப்பு பத்துல ஒரு பங்குதான். சீசன்ல ஒரு லாரி சேருங்க, பேசலாம்.)